ஸ்பார்க்ளிங் ஒயின்: சத்தமில்லாமல் திறப்பது, பொங்காமல் ஊற்றுவது

புதுச்சேரியில் கல்யாண நாளுக்கோ, பிறந்தநாளுக்கோ, ஞானஸ்நான விருந்துக்கோ ஒரு ஸ்பார்க்ளிங் ஒயின் பாட்டில் வீட்டுக்கு வருவது புதிய விஷயம் இல்லை. ஆனால் அதை எப்படித் திறப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "நல்லா குலுக்கு, அப்பத்தான் பிரஷர் ஏறும்" என்பார் ஒருவர். "கம்பியைக் கழற்றிட்டு கட்டைவிரலால தள்ளு, தானா வரும்" என்பார் இன்னொருவர். "டப்புன்னு வெடிச்சாத்தான் ஒரிஜினல்" என்பார் மூன்றாமவர். மூன்றுமே தப்பு. இரண்டாவது ஆபத்தும்கூட. பாட்டிலிலிருந்து பாய்ந்து வரும் தக்கை கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரே ஒரு காரணம்தான். தக்கை பறப்பதையும் ஒயின் பொங்குவதையும் ஒரே சமாச்சாரமாக நினைத்துவிடுகிறோம். அவை வேறு வேறு. தக்கை எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்பதைப் பாட்டிலின் சூடு தீர்மானிக்கிறது. நுரை எவ்வளவு பொங்கும் என்பதைப் பெரும்பாலும் பாட்டில் எவ்வளவு ஆட்டம் கண்டது என்பது தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால், செய்ய வேண்டியது ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

## கோலி சோடாவில் நடப்பதுதான் இதிலும் நடக்கிறது

கோலி சோடா பாட்டிலின் கழுத்தில் கோலி எப்படி நிற்கிறது? மேலிருந்து எதுவும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. உள்ளே அடைத்த கார்பன் டை ஆக்சைடு வாயு அதைக் கீழிருந்து மேலே தள்ளி, ரப்பர் வளையத்தோடு ஒட்ட வைத்திருக்கிறது. கடைக்காரர் கோலியை உள்ளே அமுக்கியதும் மேலே தேங்கியிருந்த வாயு 'புஸ்' என்று வெளியேறுகிறது. அதன் பிறகுதான் தண்ணீருக்குள் கரைந்திருந்த வாயு குமிழிகளாக எழும்பத் தொடங்குகிறது. முதலில் சத்தம், அப்புறம் நுரை.

ஸ்பார்க்ளிங் ஒயினிலும் இருப்பது இதே வாயுதான். சோடாவில் அதை இயந்திரம் ஏற்றுகிறது. நல்ல ஸ்பார்க்ளிங் ஒயினில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று இரண்டாம் முறை புளிக்க வைக்கும்போது அது உண்டாகிறது. பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் அந்த இரண்டாம் புளிப்பு பாட்டிலுக்குள்ளேயே நடக்கிறது. அப்பகுதியில் விளைந்த திராட்சையிலிருந்து அங்கேயே தயாரானதற்குத்தான் ஷாம்பெய்ன் என்று பெயர். நாசிக் பக்கத்தில் நம் நாட்டிலேயே தயாராவது ஸ்பார்க்ளிங் ஒயின். இத்தாலியின் ப்ரொசெக்கோ பெரும்பாலும் பெரிய தொட்டியில் புளிக்க வைக்கப்படுவது, அதில் அழுத்தம் சற்றுக் குறைவாக இருக்கும். திறக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மது கலக்காத திராட்சைச் சாறு இதே மாதிரி தக்கையும் கம்பியும் போட்டு வந்தால் அதற்கும் இதே முறைதான்.

சோடாவுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. சோடாவின் நுரை எழுந்த வேகத்தில் அடங்கிவிடும், ஏனென்றால் வெறும் தண்ணீரில் குமிழியைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. ஒயினில் திராட்சையிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் வந்த புரதங்கள் இருக்கின்றன. அவை குமிழியின் மேல் மெல்லிய தோல் மாதிரி படிந்து அதை உடையாமல் வைத்திருக்கும். அதனால் ஒயின் நுரை அடுக்கடுக்காக ஏறி வழிகிறது.

## தக்கையைத் தள்ளுவது சூடு

திரவம் குளிர்ந்திருந்தால் அதிக வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். சூடானால் வைத்துக்கொள்ள முடியாமல் மேலே இருக்கும் சிறிய காலி இடத்துக்குத் தள்ளிவிடும். தக்கைக்குக் கீழே இருக்கும் அந்த இடம் சில தேக்கரண்டி அளவுதான். அதற்குள் வாயு நெருக்கியடித்து நிற்பதைத்தான் அழுத்தம் என்கிறோம். அதை 'பார்' என்ற அலகில் சொல்வார்கள். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்.

ஷாம்பெய்ன் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். 6, 7 டிகிரி செல்சியஸில் உள்ளே சுமார் 5 பார் இருக்கும். 20 டிகிரியில் அது ஏழரை ஆகிவிடும். 30 டிகிரியில் 10 பார் அளவுக்கு ஏறும். புதுச்சேரியில் சித்திரை, வைகாசியில் மதியம் அலமாரியில் வைத்த பாட்டில் இந்தக் கடைசி நிலையில்தான் இருக்கிறது.

இந்த எண்கள் தக்கைக்கு என்ன செய்கின்றன என்று பார்ப்போம். பாட்டில் கழுத்தின் உள்விட்டம் சுமார் 18 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை சதுர சென்டிமீட்டர் பரப்பு. 1 பார் என்பது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 1 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். வெளிக்காற்று எதிர்ப்பக்கம் தள்ளுவதைக் கழித்துவிட்டால், குளிர்ந்த பாட்டிலில் தக்கையின் அடியில் 10 கிலோ எடைக்கு நிகரான தள்ளல். வெயில் ஏறிய பாட்டிலில் 20 கிலோவுக்கு மேல். பத்து கிலோவை உள்ளங்கையால் அடக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். இருபது கிலோ கையை மீறிப் போய்விடும். குளிர வைப்பது ருசிக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதுகாப்புக்கு அதைவிடப் பெரிய வழி வேறு இல்லை.

அழுத்தம் சூட்டைப் பொறுத்தது, குலுக்கலைப் பொறுத்தது அல்ல. மூடியிருக்கும் பாட்டிலை எவ்வளவு ஆட்டினாலும், சூடு மாறாத வரை உள்ளே அழுத்தம் ஏறாது.

## பொங்க வைப்பது குமிழ்க்கரு

அப்படியானால் குலுக்கிய பாட்டில் ஏன் பொங்குகிறது? கரைந்திருக்கும் வாயு நினைத்த இடத்தில் குமிழி ஆகிவிட முடியாது. தொடங்குவதற்கு ஏற்கெனவே ஒரு துளி வாயு இருக்கும் இடம் வேண்டும். அந்த இடத்தைக் குமிழ்க்கரு என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியில் ஒட்டிய நுண்ணிய நூல், தூசிக்குள் சிக்கிய காற்று, ஏற்கெனவே உள்ளே மிதக்கும் மிகச் சிறிய குமிழி என்று எதுவும் குமிழ்க்கரு ஆகலாம்.

பாட்டிலைக் குலுக்கும்போது மேலே இருக்கும் வாயு நுண்குமிழிகளாகச் சிதறி ஒயினுக்குள் போய்விடுகிறது. தக்கை மூடியிருக்கும் வரை அவை சும்மா இருக்கும். தக்கை நீங்கியதும் ஒவ்வொரு நுண்குமிழியும் சுற்றியிருக்கும் வாயுவை இழுத்து ஒரே நேரத்தில் பெருக்கத் தொடங்கும். லட்சக்கணக்கான குமிழிகள் சேர்ந்து பெருக்கும்போது ஒயினுக்குக் கழுத்து வழியாக வெளியேறுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு 750 மில்லி ஷாம்பெய்ன் பாட்டிலில் கரைந்திருக்கும் வாயுவை முழுதாக வெளியே எடுத்தால் அது சுமார் 5 லிட்டர் இடத்தை அடைக்கும். அதில் சிறு பங்கு ஒரே நொடியில் கிளம்பினாலும் மேஜை நனைந்துவிடும்.

நல்ல விஷயம் என்னவென்றால், அசையாமல் வைத்தால் பெரிய குமிழிகள் சீக்கிரம் மேலே ஏறிவிடும், மிகச் சிறியவை கொஞ்ச நேரத்தில் கரைந்துபோகும். கடையிலிருந்து ஸ்கூட்டரில் வேகத்தடைகளைத் தாண்டி வந்த பாட்டிலுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். பாட்டிலின் பக்கவாட்டில் தட்டினால் நுரை அடங்கும் என்பதை நம்ப வேண்டாம். தட்டுவதில் போகும் நேரம் வேண்டுமானால் உதவும்.

இதுவரை பார்த்ததை இரண்டு வரியில் வைத்துக்கொள்ளலாம். தக்கை அடங்க வேண்டுமானால் பாட்டில் குளிர்ந்திருக்க வேண்டும். நுரை அடங்க வேண்டுமானால் பாட்டில் அசையாமல் இருந்திருக்க வேண்டும்.

## மாலை ஏழரைக்கு விருந்து, பாட்டில் நாலரைக்கு வருகிறது

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டை மாடி. கல்யாண நாள் விருந்து ஏழரை மணிக்கு. நாலரைக்குப் பாட்டில் வாங்கி வந்தாயிற்று. வெளியே 32 டிகிரி. ஃப்ரிட்ஜில் வைத்தால் அடிவரை குளிர நாலு மணி நேரமாவது ஆகும், விருந்துக்குள் ஆகாது. முந்தின நாளே வாங்கியிருந்தால் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி.

அவசரத்தில் கை ஃப்ரீசரைத் தேடிப் போகும். அங்கே சுமார் மைனஸ் 18 டிகிரி. ஒயின் மைனஸ் 5, 6 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். உறையும் திரவம் விரியும். விருந்தாளிகளோடு பேசிக்கொண்டே மறந்துவிட்டால் தக்கை பிதுங்கும், அல்லது பாட்டிலே விரிசல் விடும். ஃப்ரீசரை இந்த வேலைக்குத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஐஸ் தண்ணீர்தான் இங்கே கைகொடுக்கும். உயரமான பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு, பாதிக்கு ஐஸ், மேலே தண்ணீர். வெறும் ஐஸ் கட்டிகளை நிரப்பினால் அவை பாட்டிலை அங்கங்கே புள்ளியாகத்தான் தொடும், நடுவில் காற்று நிற்கும். தண்ணீர் சேர்ந்தால் கண்ணாடி முழுவதையும் குளிர் சுற்றிக்கொள்ளும். இரண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டால் இன்னும் வேகமாகக் குளிரும். பாட்டிலின் வெளிப்பக்கம்தான் தொடப்போகிறது என்பதால் மீன் மார்க்கெட்டில் உடைத்துத் தரும் பாளம் ஐஸ் போதும். ஆனால் அந்த ஐஸைக் குடிக்கும் கிளாஸில் யாரும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வாளியைத் தனியாக வையுங்கள்.

32 டிகிரியில் இருந்து இறங்க முக்கால் மணி நேரம் கொடுங்கள். இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. வாளி குட்டையாக இருந்தால் பாட்டிலின் அடி குளிர்ந்து கழுத்து வெளியே வெயில் சூட்டில் நிற்கும். தக்கைக்கு நேர் கீழே இருக்கும் ஒயினும் வாயுவும் அப்போது சூடாகவே இருக்கும், திறந்ததும் அதுதான் முதலில் பொங்கும். தண்ணீர் தோள் வரைக்குமாவது ஏற வேண்டும், முடிந்தால் கழுத்து வரை. கழுத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். அடிப்பாகம் அளவுக்கு அதுவும் சில்லென்று இருந்தால் பாட்டில் தயார்.

நம் ஆட்களுக்கு நேரம் நிறையவே இருக்கிறது. ஐந்து மணிக்கு வாளியில் நிறுத்தினால் ஆறேகால் வாக்கில் குளிர்ந்தும் இருக்கும், ஸ்கூட்டர் ஆட்டமும் அடங்கியிருக்கும். ஏழரை வரை அதே வாளியில் நிற்கட்டும், ஐஸ் கரைந்தால் மேலே போடலாம். வெளியே எடுத்து மேஜையில் அழகுக்கு வைக்க வேண்டாம். அந்தக் காற்றில் பாட்டில் வேகமாகச் சூடேறும்.

## திறப்பது

முதலில் இடம். வீட்டுக்குள் என்றால் மின்விசிறியை நிறுத்துங்கள். தப்பித்துப் போகும் தக்கை ஓடும் இறக்கையில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மொட்டை மாடி என்றால் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவைப் பார்த்துப் பிடிக்க வேண்டாம், கீழே ஆள் போவார்கள். எதிரே ஆளோ ஜன்னலோ விளக்கோ இல்லாத பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். "மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க" என்று சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை. உங்கள் முகமும் பாட்டில் வாய்க்கு நேரே இருக்கக் கூடாது.

வாளியிலிருந்து எடுத்ததும் பாட்டிலைத் துடையுங்கள். கடலோர ஈரக்காற்றில் குளிர்ந்த கண்ணாடி மேல் ஒரே நிமிடத்தில் வேர்வை மாதிரி நீர் கோத்துக்கொள்ளும், கை வழுக்கும். ஒரு காய்ந்த பருத்தித் துண்டு கையில் இருக்கட்டும். பளபளப்பான மேல் தாளில் சின்ன நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துச் சுற்றி உரித்துவிடுங்கள்.

இப்போது தக்கை மேல் கம்பிக்கூடு தெரியும். பிரெஞ்சில் இதை மியூஸ்லே என்பார்கள், புதுச்சேரி உணவகங்களில் பரிமாறுபவர்களிடம் இந்தச் சொல்லைக் கேட்கலாம். தக்கை தானாகப் பறந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது இதுதான். கழுத்தோரமாக மடக்கியிருக்கும் ஒரு முறுக்கு வளையம் இருக்கும். அதைக் கீழே இழுத்து, இடப்பக்கமாகத் திருப்பினால் வழக்கமாக ஆறு அரைச் சுற்றில் தளர்ந்துவிடும்.

இந்த இடத்தில்தான் கவனம் முழுவதும் வேண்டும். முதல் சுற்றைத் திருப்புவதற்கு முன்பே ஒரு கையின் கட்டைவிரல் தக்கை உச்சியில் அழுத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தக்கை வெளியே வந்து கைக்குள் அடங்கும் வரை அந்தக் கை எடுபடவே கூடாது. கம்பி தளர்ந்த அந்த நொடியிலேயே சில தக்கைகள் கிளம்பிவிடும். கம்பியைக் கழற்றிவிட்டு, பாட்டிலை மேஜையில் நிறுத்தி, கேமராவைத் தேடிப் போவதுதான் அதிக விபத்துக்கு இடம் கொடுக்கும் செயல். கம்பியைத் தளர்த்தினால் போதும், கழற்ற வேண்டாம். தக்கையோடு சேர்த்தே பிடித்தால் வழுக்காமல் நல்ல பிடி கிடைக்கும். துண்டை மேலே போட்டு, தக்கையும் கம்பியும் சேர்ந்து உள்ளங்கைக்குள் இருக்கும்படி பிடியுங்கள்.

பாட்டிலைச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக நிற்பதற்கும் படுப்பதற்கும் நடுவில், 45 டிகிரி அளவில். நிமிர்ந்து நிற்கும் பாட்டிலில் ஒயினின் மேற்பரப்பு குறுகிய கழுத்துக்குள் ஒரு காசு அளவுக்கு மட்டுமே இருக்கும். எழும் நுரை முழுவதும் அந்த ஒரு துளை வழியாக நேரே மேலே ஏறிவிடும். சாய்க்கும்போது மேற்பரப்பு நீண்டு தோள்பட்டை வரை விரியும், நுரை பரவவும் உடையவும் இடம் கிடைக்கும். மட்டத்துக்கே படுக்க வைத்தால் ஒயின் தக்கையைத் தொட்டுவிடும், திறந்ததும் வாயுவுக்குப் பதில் ஒயின் வரும்.

மற்றக் கையைப் பாட்டிலின் அடியில் வையுங்கள். தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்ப வேண்டும். தக்கையைத் திருகினால் கை வழுக்கும், சில நேரம் தக்கையின் தலை மட்டும் முறிந்து வரும். பாட்டிலின் அடி கழுத்தைவிடப் பல மடங்கு அகலம் என்பதால் அங்கிருந்து திருப்புவதற்குக் குறைந்த பலம் போதும், வேகமும் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். மெதுவாக, ஒரே பக்கமாக.

சிறிது நேரத்தில் தக்கை உங்கள் உள்ளங்கையைத் தள்ளத் தொடங்குவது தெரியும். பழக்கம் இல்லாதவர்கள் இங்கே அதை வெளியே இழுக்கிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். தக்கையைத் திரும்ப உள்ளே அமுக்குவது போல எதிர்த்துப் பிடிக்க வேண்டும். வெளியே தள்ளும் வேலையை வாயு பார்த்துக்கொள்ளும். உங்கள் கை பிரேக் பிடிக்க மட்டும்தான். நூல் நூலாகத் தக்கை ஏறும். கடைசி அரை சென்டிமீட்டரில், இன்னும் கொஞ்சம் போனால் விடுபடும் என்று கைக்குத் தெரியும்போது, தக்கையை ஒரு பக்கமாக லேசாகச் சாய்த்துவிடுங்கள். ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு சந்து உண்டாகும். அதன் வழியாக வாயு 'ஸ்ஸ்ஸ்' என்று இரண்டு மூன்று நொடி சீறிவிட்டு அடங்கும். அப்புறம் தக்கை கையோடு வந்துவிடும்.

சத்தம் வராததற்குக் காரணம் இதுதான். 'டப்' என்ற ஒலி நெருக்கப்பட்ட வாயு ஒரே கணத்தில் விரிவதால் பிறப்பது. அதே வாயுவை மூன்று நொடிக்குப் பரப்பி விட்டால் வெடிப்பதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. சத்தத்துக்கும் ஒயினின் தரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பெரிய சத்தம் வந்தால் பாட்டில் சரியாகக் குளிரவில்லை என்றோ, கை தளர்ந்துவிட்டது என்றோ அர்த்தம்.

தக்கை வந்ததும் பாட்டிலை உடனே நிமிர்த்த வேண்டாம். ஐந்தாறு நொடி அதே சாய்வில் பிடித்திருங்கள். நுரை கழுத்து வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கும்.

## வராமல் சிக்கினால்

தக்கை தயாராகும்போது கழுத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு தடிமனான உருளை. சுமார் 31 மில்லிமீட்டர் விட்டம் கொண்டதை 18 மில்லிமீட்டர் துளைக்குள் அமுக்கி அடைக்கிறார்கள். அதனால் சில பாட்டில்களில் இறுக்கம் அதிகமாகவே இருக்கும். அப்போது அடியில் கையை உறுதியாக வைத்து, தக்கைப் பக்கம் ஈரமில்லாத துண்டையோ சமையலறை ரப்பர் கையுறையையோ போட்டுப் பிடித்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் திருப்புங்கள். முதல் அசைவு கிடைத்துவிட்டால் மீதி தானாக வரும், அதனால் அசைந்ததும் எதிர்த்துப் பிடிக்கத் தயாராக இருங்கள். கழுத்தில் வெந்நீர் ஊற்றுவதை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அழுத்தம் ஏறுவதும் தக்கை திடீரென்று கிளம்புவதும்தான் மிச்சம்.

தக்கைத் தலை முறிந்து கீழ்ப்பாதி உள்ளேயே நின்றுவிட்டால், அது பத்து கிலோ தள்ளலோடு காத்திருக்கும் தக்கை என்பதை மறக்க வேண்டாம். சாதாரண ஒயினுக்கான திருகாணியை அதில் இறக்கக் கூடாது. அது இறங்கும்போதே தக்கை திருகாணியோடு சேர்ந்து முகத்தைப் பார்த்துக் கிளம்பலாம். கழுத்தைத் துண்டால் மூடிக் கட்டி, மீண்டும் ஐஸ் தண்ணீரில் வைத்து, பழக்கமுள்ள ஒரு பரிமாறுபவரிடம் விட்டுவிடுங்கள். கத்தியால் கழுத்தை வெட்டும் வித்தையும் வீட்டு விருந்தில் வேண்டாம். அதில் தக்கையோடு சேர்ந்து கண்ணாடி வளையமும் பறக்கிறது.

## ஊற்றுவது

பாட்டிலை ஒழுங்காகத் திறந்துவிட்டு கிளாஸில் பொங்க விடுபவர்கள் அதிகம். காரணம் மறுபடியும் குமிழ்க்கருதான். காய்ந்த கிளாஸின் உள்பக்கம் துண்டிலிருந்து உதிர்ந்த நூல்களும் தூசியும் ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் காற்று சிக்கியிருக்கும். முதல் ஒயின் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் குமிழ்விடும். வெயிலில் இருந்த கிளாஸ் என்றால் இன்னும் மோசம். இதற்காக கிளாஸை ஃப்ரீசரில் வைத்துப் பனி படிய எடுத்து வருபவர்கள் உண்டு. பனித்துகள் ஒவ்வொன்றும் ஒரு குமிழ்க்கரு என்பதால் நுரை கூடத்தான் செய்யும். வெந்நீரில் அலசி, சோப்பு மிச்சம் இல்லாமல் கழுவி, கவிழ்த்துக் காயவிட்டு, நிழலில் வைத்திருந்த கிளாஸ் போதும்.

முதலில் ஒவ்வொரு கிளாஸிலும் இரண்டு மேஜைக்கரண்டி அளவு, 30 மில்லி, மட்டும் ஊற்றுங்கள். நுரை கிடுகிடுவென்று ஏறி இறங்கும். அதற்குள் கண்ணாடி உள்ளே நனைந்துவிடும், சிக்கிய காற்றில் பெரும்பகுதி போய்விடும். எல்லாக் கிளாஸிலும் ஒரு சுற்று முடிந்து முதல் கிளாஸுக்குத் திரும்பும்போது நுரை அடங்கியிருக்கும். இப்போது கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, ஒயின் நடுவில் விழாமல் பக்கச் சுவரில் வழிந்து இறங்கும்படி ஊற்றுங்கள். உயரத்திலிருந்து விழும் ஒயின் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும், அந்தக் காற்று புதிய குமிழ்க்கரு. சாய்த்து ஊற்றினால் பொங்குவது குறைவதோடு, கரைந்த வாயுவும் கிளாஸில் கூடுதலாகத் தங்குகிறது. ஷாம்பெய்ன் குமிழிகளை ஆராயும் ரான்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். குளிர்ந்த ஒயினில் இந்த இழப்பு இன்னும் குறைவு என்பதும் அதே அளவீட்டில் தெரிந்தது.

கிளாஸில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். ஒரு கிளாஸுக்கு 125 மில்லி என்றால் ஒரு பாட்டிலில் ஆறு கிளாஸ் வரும். எட்டு பேர் இருந்தால் 90 மில்லி வீதம் ஊற்றிவிட்டு, இரண்டாவது பாட்டிலை வாளியிலேயே வைத்திருங்கள். ஒரு கிளாஸ் முடிந்து அடுத்த கிளாஸுக்குப் போகும் இடைவெளியில் பாட்டிலை மெதுவாக நிமிர்த்துங்கள், சட்டென்று ஆட்டினால் உள்ளே மிச்சமிருப்பதும் நுரைத்துவிடும்.

## பாட்டிலில் மீந்தால்

வெளியே வந்த தக்கையின் அடி காளான் தலை மாதிரி விரிந்திருக்கும், அதைத் திரும்ப அடைக்க முடியாது. சுத்தியலால் அடித்து ஏற்றப் பார்ப்பது கண்ணாடியை உடைப்பதில்தான் முடியும். கழுத்தின் விளிம்பைக் கவ்வும் இரண்டு உலோக இறக்கை கொண்ட ஷாம்பெய்ன் ஸ்டாப்பர் கிடைக்கிறது. அதைப் போட்டு ஃப்ரிட்ஜில் நிற்க வைத்தால் அடுத்த நாளும் குமிழி இருக்கும். கழுத்தில் ஸ்பூனைத் தொங்கவிட்டால் வாயு போகாது என்ற நம்பிக்கையில் எந்தப் பலனும் இல்லை. ஒரு ராத்திரி குமிழி தங்கினால் அது ஃப்ரிட்ஜின் குளிரால்.

அடுத்த நாள் அந்த ஸ்டாப்பரை எடுக்கும்போதும் உள்ளே மறுபடி அழுத்தம் சேர்ந்திருக்கும். பாதி பாட்டில் என்றால் மேலே வாயு நிற்கும் இடமும் முதல் நாளைவிடப் பெரியது. அதனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு, குளிர் போவதற்குள், உள்ளங்கையை மேலே அழுத்தி வைத்துக்கொண்டு ஒரு இறக்கையை மட்டும் முதலில் தளர்த்துங்கள். சீறல் நின்ற பிறகு மற்றதை எடுக்கலாம்.